காகிதம் மடித்துக் கோணம் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் 6, 7 ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கோணப் பாடத்தைக் காகித மடிப்பில் தொடங்கி, கோணமானியால் அளந்து முடிப்பது என் வழக்கம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றுக்கும், டியூஷன் எடுப்பவர்களும் சில அம்மாக்களும் கேட்டவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

எடுத்ததுமே கோணமானியைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லலாமே, எதுக்கு மடிக்கணும்?

நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். போர்டில் ஒரு கோணம் வரைவேன், பிள்ளைகள் நோட்டில் வரைந்து அளப்பார்கள், ஒருவருக்கு 52 வரும், இன்னொருவருக்கு 57 வரும். எது சரி என்று கேட்டால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவரவர் வரைந்த கோணத்தின் உண்மையான அளவு அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆக, தவறு வரைந்ததில் இருக்கிறதா, கருவியை வைத்ததில் இருக்கிறதா, எண்ணைப் படித்ததில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

மடிப்பில் நிலைமை வேறு. ஒரு நேர்க்கோட்டை அதன் மேலேயே மடித்தால் 180 பாகை சரிபாதியாகிறது, அதனால் கிடைப்பது 90. அதையும் பாதியாக மடித்தால் 45. கோணமானி வெளியே வருவதற்கு முன்பே அளவு தெரிந்துவிடுகிறது, ஏன் அந்த அளவு என்று பிள்ளையால் காரணமும் சொல்ல முடிகிறது. அப்புறம் அதே கோணத்தை அளக்கும்போது 41 வந்தால், கோணம் தவறில்லை, நான் அளந்த விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளைக்கே தெரியும். இந்தப் பாடம் முழுவதும் நான் பிடித்துக்கொண்டு போவது இந்த ஒன்றைத்தான்: விடை தெரிந்த கோணத்தை வைத்து, அளக்கும் கையைச் சோதிப்பது.

ஒரே பீரியடில் முடியுமா மிஸ்?

40 நிமிடத்தில் முடியும், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் முடிக்க வேண்டும். செங்கோணமும் 45-ம் மடிக்க 12 நிமிடம், 60-ம் 30-ம் மடிக்க 10 நிமிடம், அளக்க 12 நிமிடம், மிச்சம் 6 நிமிடம் பேச. வகுப்பில் 40 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு பீரியடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மடிப்பு மட்டும், மடித்த காகிதங்கள் பெயர் எழுதி நோட்டுக்குள்; மறுநாள் அளவு. எனக்கு இரண்டு நாள் எடுப்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் நோட்டுக்குள் ஒரு இரவு கிடந்த மடிப்பு நன்றாகப் படிந்து, கோடு தெளிவாகத் தெரியும்.

என்ன பேப்பர் வாங்கணும்? கலர் பேப்பர் வேணுமா?

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் விதவிதமான காகிதம் கிடைக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் இந்தப் பாடத்துக்கு அது அவசியமே இல்லை. ஆளுக்கு இரண்டு காகிதம் போதும். ஒன்று, கையால் கிழித்த செய்தித்தாள் துண்டு, ஏறத்தாழ இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. இன்னொன்று, ஒரு பக்கம் அச்சடித்து வீணான ஏ4 தாள். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் ஒரு கட்டே கொடுத்துவிடுவார்கள்.

செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால்தான் கிழிக்க வேண்டும், அதுவும் கோணல் மாணலாக, ஒரு பக்கம்கூட நேராக இல்லாதபடி. இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஏ4 தாளில் நான்கு மூலையிலும் செங்கோணம் ஏற்கனவே இருக்கிறது. அதில் செங்கோணம் மடி என்றால் பிள்ளை மூலையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். நேர் விளிம்பே இல்லாத ஒரு துண்டிலிருந்து, தன் கையால், ஒரு நேர்க்கோடும் ஒரு செங்கோணமும் பிறப்பதைப் பார்க்கும்போது வருகிற ஆச்சரியம் அங்கே வராது.

ஒரு சின்ன விஷயம், நம் ஊருக்கே உரியது. மின்விசிறியை அந்தப் பத்து நிமிடம் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் பறக்கிற தாளைப் பிடிப்பதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். வியர்த்த கையில் செய்தித்தாள் நைந்து போகும், பாவாடையிலோ டிராயரிலோ கையைத் துடைத்துவிட்டு மடிக்கச் சொல்லுங்கள்.

செங்கோணத்தை எப்படி மடிக்கச் சொல்லித் தருவது?

கிழித்த துண்டை எப்படி வேண்டுமானாலும் ஒருமுறை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த மடிப்பு ஒரு நேர்க்கோடு. இப்போது பிரிக்காமல், அந்த நேர்க்கோட்டின் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் சரியாகப் படியும்படி இரண்டாவது முறை மடிக்க வேண்டும். அவ்வளவுதான், மூலையில் செங்கோணம் வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மூலையோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கிழித்திருப்பார்கள், ஒருவருடையது பெரிது, இன்னொருவருடையது சின்னது, ஆனால் மூலை மட்டும் வகுப்பு முழுவதும் ஒன்றுபோல இருக்கும்.

தவறு எங்கே வரும் என்றால் இரண்டாவது மடிப்பில். பிள்ளைகள் கிழிந்த ஓரங்களைச் சேர்க்கப் பார்ப்பார்கள். சேர்க்க வேண்டியது ஓரத்தை அல்ல, முதல் மடிப்புக் கோட்டை. கோணத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: முதல் மடிப்பின் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் கத்தரிக்கோல் போல லேசாக விரிந்து நிற்கும்.

மூன்றாவதாக, அந்தச் செங்கோணத்தின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்து மடித்தால் 45. இப்போது முழுவதும் பிரித்தால், ஒரே புள்ளியிலிருந்து எட்டு கதிர்கள் நட்சத்திரம் மாதிரிக் கிளம்புவது தெரியும். எட்டு நாற்பத்தைந்து 360 என்று யாராவது ஒரு பிள்ளை தானாகவே சொல்லும், சொல்லும் வரை காத்திருங்கள். பக்கத்துப் பக்கமாக மூன்று கோணங்களைச் சேர்த்தால் 135, அது விரிகோணம்.

நான்காவது மடிப்பு வேண்டாம். மூன்றாவதை மடித்ததுமே எட்டு அடுக்கு ஆகிவிடுகிறது, நான்காவது மடித்தால் பதினாறு. உள்ளே இருக்கும் அடுக்கும் வெளியே இருக்கும் அடுக்கும் ஒரே இடத்தில் மடியாது, கோடுகள் நழுவிவிடும். 22.5 வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை இருந்தால் பிரித்துவிட்டு ஒரே அடுக்கில், இரண்டு கதிர்களை மட்டும் சேர்த்து மடிக்கச் சொல்லுங்கள்.

60 பாகையை கவராயம் இல்லாமல் மடிக்க முடியும்னு சொல்றாங்க, எப்படி?

ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கீழே இடது மூலைக்கு அ என்றும் வலது மூலைக்கு ஆ என்றும் பெயர் எழுதச் சொல்லுங்கள்; இந்தப் பெயர் இல்லாமல் நடத்தினால் "எந்த மூலை மிஸ்" என்ற கேள்வியே பத்து நிமிடம் சாப்பிடும்.

முதலில் தாளை நெட்டுவாக்கில் சரிபாதியாக மடித்துப் பிரியுங்கள், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். இப்போது ஆ மூலையைத் தூக்கி, அந்த நடுக்கோட்டின் மேல் எங்காவது உட்கார வையுங்கள். எங்காவது என்றேன், ஆனால் ஒரு நிபந்தனை: புதிய மடிப்பு சரியாக அ மூலை வழியாகப் போக வேண்டும். அ மூலையை இடது கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆ மூலையை நடுக்கோட்டில் மேலும் கீழும் நகர்த்தினால் அந்த ஒரே ஒரு இடம் தானாக அகப்படும். ஏ4 தாளின் குட்டைப் பக்கம் 21 செ.மீ. என்பதால், ஆ மூலை விழும் இடம் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 18.2 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் மாதிரித் தாளை ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தித் தேய்த்த பிறகு, பிரிப்பதற்கு முன், மடிந்து வந்த விளிம்பை ஒட்டியே கீழே இருக்கும் தாளில் அ மூலையிலிருந்து ஒரு பென்சில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இதை மறந்தால் பிரித்ததும் 60 காணாமல் போய்விடும், மடிப்புக் கோடான 30 மட்டும்தான் மிஞ்சும். கோடு இழுத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள்: அ மூலையின் செங்கோணம் மூன்று சம பங்காகப் பிரிந்திருக்கும். கீழ் விளிம்புக்கும் மடிப்புக்கும் இடையே 30, மடிப்புக்கும் பென்சில் கோட்டுக்கும் இடையே 30, பென்சில் கோட்டுக்கும் இடது விளிம்புக்கும் இடையே 30.

அ மூலை கூர்மையாக இல்லாமல் மொட்டையாகத் தெரிந்தால் மடிப்பு மூலை வழியாகப் போகவில்லை என்று பொருள். பிரித்து, அதே தாளிலேயே இன்னொரு முறை மடிக்கலாம். பழைய மடிப்புக்குக் குழம்பாமல் இருக்கச் சரியான மடிப்பின் மேல் பென்சில் ஓட்டிவிடுங்கள்.

அது 60தான்னு பசங்க எப்படி நம்புவாங்க? சும்மா சொன்னா ஒத்துக்கணுமா?

ஒத்துக்கொள்ளக் கூடாது, கேட்க வேண்டும். ஆ மூலை போய் உட்கார்ந்த இடத்தைப் புள்ளி வைத்து இ என்று பெயர் கொடுங்கள். கீழ் விளிம்பு அஆ-தான் தூக்கி மடிக்கப்பட்டு அஇ ஆனது, ஒரே விளிம்பு, அதனால் இரண்டும் 21 செ.மீ. அடுத்து, இ நடுக்கோட்டின் மேல் இருக்கிறது. நடுக்கோட்டில் நிற்கும் எந்தப் புள்ளியும் அ-விலிருந்தும் ஆ-விலிருந்தும் ஒரே தூரம், தாளை நடுவில் மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதே. ஆக இஆ-வும் 21 செ.மீ. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், மூன்று கோணமும் சமம், 180-ஐ மூன்றால் வகுத்தால் 60.

ஆறாம் வகுப்பில் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் இன்னும் நடத்தவில்லை என்றால் அதற்கும் தவிப்பு வேண்டாம். அ மூலையில் இருக்கும் மூன்று கோணங்களில் முதல் இரண்டும் மடித்தபோது ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை, அவை சமம். மூன்றாவதை அதன் பக்கத்திலிருப்பதன் மேல், பென்சில் கோட்டோடு மடித்தால் அதுவும் படிந்துவிடுகிறது. மூன்றும் சமம், மொத்தம் 90, ஒன்று 30. கையே சாட்சி சொல்லிவிடுகிறது.

அளக்கும் வேலையை எப்படி நடத்துறது? நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அளந்தா சந்தைக்கடை ஆகிடாதா?

இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள், ஒரு ஜோடிக்கு ஒரு கோணமானி. ஒருவர் அளக்க, மற்றவர் எழுத வேண்டும், பாதியில் மாறிக்கொள்ள வேண்டும். ஆறே ஆறு அளவு. செய்தித்தாளில் 45 ஒன்று, 135 ஒன்று. ஏ4 தாளின் அ மூலையில் மூன்று 30-களும் தனித்தனியாக, பிறகு 60 ஒன்று. மடிப்புக் கோடுகளின் மேல் முதலில் கூர்மையான பென்சிலால் ஸ்கேல் வைத்து ஓட்டிவிட வேண்டும், கோணமானியின் விளிம்பைத் தாண்டி நீளுமளவுக்கு, குறைந்தது 7 செ.மீ. நீளத்துக்கு. கதிர் குட்டையாக இருந்தால் அது எந்த எண்ணைத் தொடும் என்று கண்ணால் நீட்டிப் பார்ப்பார்கள், அங்கேயே மூன்று நான்கு பாகை போய்விடும்.

நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: மடிப்பு சொல்லும் அளவு, கோணமானி சொல்லும் அளவு, வித்தியாசம். மூன்று 30-களையும் தனித்தனியாக அளக்கச் சொல்வது வீண் வேலை மாதிரித் தெரியும், "ஒண்ணு அளந்தா போதாதா மிஸ்" என்பார்கள். விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கோணமானியைத் திருப்பி, அதன் அடிக்கோட்டை வேறு கதிரின் மேல் புதிதாக வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பி வைக்கும் பழக்கம்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. கீழே படுத்திருக்கும் கோட்டிலிருந்து மட்டுமே அளக்கத் தெரியும்.

60-ஐ அளந்து 120-னு எழுதறாங்க. எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருது.

கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன, ஒன்று இடமிருந்து ஏறுகிறது, மற்றொன்று வலமிருந்து. "உள்வரிசையைப் பார், வெளிவரிசையைப் பார்" என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். கோணம் திரும்பியதும் அந்த விதி தவறாகிவிடும். அடிக்கோட்டின் மேல் படிந்த கதிர் எந்த வரிசையின் பூச்சியத்தைத் தொடுகிறதோ அந்த வரிசையிலேயே ஏறிப் போ என்று சொல்லுங்கள், விரலால் 0, 10, 20 என்று நடந்து போகட்டும்.

இன்னொன்று, அளப்பதற்கு முன்பு செய்தித்தாளில் மடித்த செங்கோணத்தை அந்தக் கோணத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அடங்கினால் குறுங்கோணம், வெளியே போனால் விரிகோணம், இதை எழுதிவிட்டு அளக்கட்டும். குறுங்கோணம் என்று தன் கையாலேயே எழுதிய பிள்ளை, பக்கத்தில் 120 எழுதும்போது தானே நின்றுவிடும். வகுப்பில் வரும் விடைகளை நோட்டமிடும்போது ஒரு சுலபமான அடையாளம்: தவறான எண்ணும் சரியான எண்ணும் சேர்ந்து 180 ஆனால் அது வரிசை மாறிய தவறுதான்.

ஒரு ஜோடிக்கு எல்லா கோணமும் கொஞ்சம் கொஞ்சம் குறைவா வருது, மடிப்பு சரியா இருக்கு. என்னவா இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரு கதையோடு பதில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் இரண்டு சிறுமிகள், மடிப்பு கத்தி மாதிரி நறுக்கென்று இருந்தது, நானே பார்த்தேன். 45-ஐ அளந்து 41 என்று எழுதியிருந்தார்கள், 135-ஐ 139 என்று. நான் வித்தியாசத்தைக் காட்டியபோது ஒருத்தி விடவில்லை: "கூட்டிப் பாருங்க மிஸ், 180 சரியா வருது, எங்க அளவு கரெக்ட்." அவள் சொன்னதில் தர்க்கம் இருந்தது, நான் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போனேன். ஏ4 தாளின் மூலையையும் அளந்திருந்தார்கள், அதுவும் சரியாக 90.

அப்புறம் மூன்று 30-களைப் பார்த்தோம். 25, 24, 25. கூட்டினால் 74. முழு மூலையை அளந்தால் 90, துண்டு துண்டாக அளந்து கூட்டினால் 74, அது எப்படி என்று கேட்டதும் இருவரும் அமைதியாகிவிட்டார்கள். "நீ வைக்கிற மாதிரி வைத்துக் காட்டு" என்றேன். வைத்தாள். கோணமானியின் பிளாஸ்டிக் விளிம்பைக் கொண்டுபோய்க் கதிரின் மேல் வைத்தாள்.

ஜாமெட்ரி பாக்ஸில் வருகிற பல கோணமானிகளில் பூச்சியக் கோடு விளிம்பில் இருக்காது, விளிம்பிலிருந்து சில மி.மீ. உள்ளே தள்ளி அச்சடித்திருப்பார்கள். நடுப்புள்ளியும் அங்கேதான். அவர்களுடையதில் 5 மி.மீ. தள்ளி இருந்தது. விளிம்பைக் கோட்டில் வைத்தால், கருவி முழுவதும் 5 மி.மீ. மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. நடுவிலிருந்து எண் கோடுகள் சுமார் 4.5 செ.மீ. தூரத்தில் இருக்கும் சாதாரணக் கோணமானியில் இந்த 5 மி.மீ. ஏற்றம் 30-ஐ ஏறத்தாழ 24 அல்லது 25 ஆக்கும், 45-ஐ 40 அல்லது 41 ஆக்கும், 60-ஐ 57 ஆக்கும். விரிகோணத்தில் தலைகீழாக நடக்கும், 135 இருக்க வேண்டிய இடத்தில் 139, 140 வரும்.

90 மட்டும் ஏன் தப்பிக்கிறது? செங்கோணத்தின் கதிர் நேரே மேலே போகிறது. கருவி ஏறுவதும் அதே திசையில். அதனால் 90 என்ற குறி அந்தக் கதிரின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது, விலகுவதில்லை. 45 எவ்வளவு குறைகிறதோ 135 அவ்வளவு கூடுகிறது, அதனால் கூடுதலும் 180-ஐ விட்டு அசையாது. நாம் வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு சோதனைகள், மூலையை அளந்து பார், நேரிய கோண இணையைக் கூட்டிப் பார், இரண்டையும் இந்தத் தவறு ஏமாற்றிவிடும். குறுங்கோணங்களைத் துண்டாக அளந்து கூட்டுவது ஒன்றுதான் அதைப் பிடிக்கும். அதற்காகத்தான் அந்த மூன்று 30-களை விடாதீர்கள் என்று மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

அந்த இரண்டு சிறுமிகளும் நடுப்புள்ளியை அ மூலையில் வைத்து மறுபடி அளந்தார்கள்: 30, 31, 29. அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் வகுப்பில் மற்ற ஜோடிகளின் கோணமானியைத் தூக்கித் தூக்கிப் பூச்சியக் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் சரின்னு போடலாம்?

நான் 2 பாகை வரை விடுகிறேன். மடிப்புக் கோடு என்பது கூர்மையான கோடு அல்ல, அதற்கும் ஒரு அகலம் இருக்கிறது. 4.5 செ.மீ. தூரத்தில் 1 மி.மீ. நகர்ந்தாலே ஒரு பாகைக்கு மேல் மாறிவிடும். அதனால் 44, 46 என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். ஆறு அளவும் வித்தியாசமே இல்லாமல் 45, 135, 30, 30, 30, 60 என்று அச்சடித்த மாதிரி வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், அளக்காமல் முதல் பத்தியைப் பார்த்து எழுதியிருப்பார்கள். திட்ட வேண்டாம். "கண்ணில் பட்டதை எழுது, வித்தியாசம் இருந்தால் மார்க் குறையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

பெரிய பேப்பரில் மடிச்சா கோணம் பெருசுன்னு சொல்றாங்களே?

ஆசிரியர் மேசையில் ஒரு முழு செய்தித்தாளை 45 வரை மடித்து வையுங்கள். ஒரு பஸ் டிக்கெட் அளவுத் துண்டையும் 45 வரை மடியுங்கள். சின்னதைப் பெரியதன் மூலையில் வைத்தால் அச்சாகப் பொருந்தும். கதிரின் நீளம் வேறு, அவற்றுக்கு இடையே இருக்கும் திறப்பு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் காட்டியதில்லை. வகுப்பறைக் கதவை லேசாகத் திறந்து, கீல் பக்கம் நின்று ஒருமுறை பார்க்கச் சொன்னாலும் போதும்.

180-க்கு மேல இருக்கிற கோணத்தை இதில் காட்ட முடியுமா?

முடியும். எட்டுக் கதிர் நட்சத்திரத்தில் ஐந்து துண்டைச் சேர்த்தால் 225, பின்வளை கோணம். அரை வட்டக் கோணமானியால் அதை நேராக அளக்க வராது, மறுபக்கம் மிச்சமிருக்கும் மூன்று துண்டை அளந்து 360-லிருந்து கழிக்க வேண்டும். அதற்கு மேல் இந்தப் பாடத்தில் அதை இழுக்க வேண்டாம்.

இது கைவேலை மாதிரி இருக்கு, கணக்கு மாதிரி இல்லைன்னு தலைமை ஆசிரியர் சொன்னா என்ன சொல்றது?

1893-ல் இதே சென்னையில், காகித மடிப்பில் வடிவியல் செய்வது பற்றி டி. சுந்தர ராவ் ஒரு ஆங்கிலப் புத்தகம் எழுதி வெளியிட்டார் என்று சொல்லுங்கள். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று வெறும் காகிதத்திலேயே போகிற அந்தப் புத்தகத்தை ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் குறிப்பிட்டார், அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் அது மறுபதிப்பானது. அது போதாது என்றால் பிள்ளைகளின் நோட்டைக் காட்டுங்கள். மூன்று பக்கமும் ஏன் சமம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் வார்த்தையில் எழுதிய நாலு வரி அதில் இருக்கும்.

வீட்டுப்பாடம் என்ன கொடுக்கலாம்?

ஒரு பஸ் டிக்கெட்டையோ கடைப் பில்லையோ இரண்டு முறை மடித்துச் செங்கோணச் சீட்டு ஒன்று செய்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் செங்கோணம் என்று நினைத்த மூன்று மூலைகளில் அதை வைத்துப் பார்த்து, பொருந்தியதா, உள்ளே இடைவெளி தெரிந்ததா, சீட்டு நுழையவே இல்லையா என்று எழுதி வர வேண்டும். எண் வேண்டாம், குறுங்கோணமா விரிகோணமா என்று மட்டும் போதும். போன வருடம் ஒரு பையன் தன் வீட்டுச் சமையலறைச் சுவர் மூலை விரிகோணம் என்று எழுதி வந்தான். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாமல் அவன் அப்பா ரொம்ப நாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தாராம், அன்றைக்குச் சீட்டை வைத்துக் காட்டி இவன்தான் காரணம் சொல்லியிருக்கிறான்.